‘விளம்பரம்’ என்ற சொல்லை மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்

விவசாயப் பத்திரிகையில் வரும் விளம்பரக் கட்டுரைக்கு நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். பக்கத்தின் மேலே இருக்கும் ‘விளம்பரம்’ என்ற சொல்லை விரலால் மறைத்துக்கொண்டு கட்டுரையை மட்டும் படிக்க வேண்டும். அப்போதும் “இது பொருளை விற்கிறவர் பேசுறது” என்று புரிந்தால் அது நேர்மையான எழுத்து. நிருபர் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதின மாதிரி இருந்தால், மேலே எவ்வளவு பெரிய எழுத்தில் ‘விளம்பரம்’ என்று போட்டிருந்தாலும் அது வேஷம்தான்.

நம் இதழுக்கு இடுபொருள் நிறுவனங்களிடமிருந்து இப்படிப்பட்ட கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன. “வாங்கவே கூடாது, இயக்கப் பத்திரிகைக்கு இது எதுக்கு?” என்கிறார்கள் சிலர். “காகித விலைக்கும் அச்சுக்கூலிக்கும் சந்தா பத்தலையே, ‘விளம்பரம்’னு போட்டுட்டு அப்படியே விட்டுடலாம்” என்கிறார்கள் வேறு சிலர். இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. விளம்பரக் கட்டுரையை வாங்கலாம், ஆனால் வந்தபடி போடக்கூடாது. அதை முழுசாகத் திருப்பி எழுத வேண்டும். அப்படி எழுதினால் படிக்கிற விவசாயிக்கு அது செய்தியைவிடக்கூடப் பயன்படும். எப்படி என்று எங்கள் மரக்காணம் உப்பளக் கரையோரத்து உதாரணத்தை வைத்துச் சொல்கிறேன். அதற்கு முன்னால், பெயர்ப்பலகை மட்டும் ஏன் போதாது என்பதற்கு இந்தியாவில் நடந்த ஒரு சங்கதி.

ஒரே பக்கம், இரண்டு பெயர்

2008 அக்டோபர் 31 அன்று டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் நாக்பூர் பதிப்பில் ஒரு முழுப்பக்கச் செய்தி வந்தது. மகாராஷ்டிராவில் யவத்மால் மாவட்டத்தின் பாம்ராஜா, அந்தர்காவ் என்ற இரண்டு ஊர்களில் பி.டி. பருத்திக்கு மாறியதால் விவசாயிகள் செழித்திருக்கிறார்கள், அங்கே தற்கொலையே இல்லை என்று அது சொன்னது. 2011 ஆகஸ்ட் 28 அன்று அதே பக்கம், சொல்லுக்குச் சொல் அப்படியே, அதே பத்திரிகையில் மறுபடியும் வந்தது. இந்த முறை அது செய்தி இல்லை, விளம்பரப் பக்கம். ஆனால் ‘விளம்பரம்’ என்ற சொல் அங்கே இல்லை. ‘நுகர்வோர் தொடர்பு முயற்சி’ என்று பொருள்படும் ஒரு ஆங்கிலத் தொடர்தான் இருந்தது.

2012 மே 10 அன்று தி இந்து ஆங்கில நாளிதழில் பி. சாய்நாத் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். 2012 மார்ச்சில் நாடாளுமன்ற வேளாண்மை நிலைக்குழு பாம்ராஜாவுக்குப் போனபோது, எங்கள் ஊரில் பதினான்கு தற்கொலை நடந்திருக்கிறது என்று ஊர்மக்கள் குழுவிடமே சொன்னார்கள் என்று எழுதினார். முதலில் அந்தப் பக்கத்தை எழுதிய நிருபர்களின் பயணத்தை ஏற்பாடு செய்தது பி.டி. தொழில்நுட்பத்துக்கு உரிமம் கொடுத்த மஹிகோ மான்சான்டோ பயோடெக் நிறுவனம்தான் என்பதையும் எழுதினார்.

இந்தச் சங்கதியை வழக்கமாக, செய்தியாக வந்தது விளம்பரமாகவும் வந்துவிட்டதே என்று பேசுவார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. ஒரு சொல்கூட மாற்றாமல் ஒரு பக்கம் 2008-இல் செய்தியாகவும் 2011-இல் விளம்பரமாகவும் ஓட முடிந்திருக்கிறது. இரண்டாவது முறை ‘விளம்பரம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால்கூட என்ன மாறியிருக்கும்? “அந்த ஊரில் எல்லோரும் நல்லா இருக்காங்க” என்ற வாசகம் அப்படியேதான் இருந்திருக்கும். அதைச் சரிபார்க்க வாசகனுக்கு எந்த வழியும் இருந்திருக்காது. மேலே ஒட்டுகிற சீட்டு, யார் பேசுகிறார் என்பதைத்தான் சொல்லும். அவர் பேசுவதை நாம் எதை வைத்து எடைபோடுவது என்பதை எழுத்துதான் சொல்ல வேண்டும்.

உப்பளக் கரைக்கு வரும் கட்டுரை

மரக்காணம் பக்கம் உப்பளத்தையும் கழுவெளியையும் ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரே கவலை உப்பு. அதனால் இங்கே விற்க வரும் பொருளும் பெரும்பாலும் ‘உப்பை முறிக்கும்’ பொருள்தான். அவற்றுக்கு வரும் கட்டுரைகளில் பொதுவாக இருப்பதைச் சேர்த்து ஒரு மாதிரியைக் கீழே எழுதியிருக்கிறேன். எந்த ஒரு நிறுவனத்தையும் இது குறிக்கவில்லை.

> உப்பளத்து ஓரத்தில் பொன் விளைந்தது! சாதித்துக் காட்டிய விவசாயி
>
> மரக்காணம் அருகே உப்புப் பூத்துத் தரிசாகக் கிடந்த நிலத்தில் இன்று பச்சைப் பசேல் என்று நெல் ஆடுகிறது. “எத்தனையோ பேர் இந்த நிலத்தை வித்துடுன்னு சொன்னாங்க. போன ஐப்பசியில ஏக்கருக்கு ஒரே ஒரு மூட்டை போட்டேன். முப்பது நாள்ல உப்பு முறிஞ்சிடுச்சு” என்கிறார் அந்த விவசாயி. ஆறாக இருந்த உப்பின் அளவு ஒன்றாகக் குறைந்தது ஆய்வில் தெரியவந்துள்ளது. நூறு சதவீதம் இயற்கையான, அரசு அங்கீகாரம் பெற்ற இந்த மண்வளக் குருணை எல்லா வகை நிலத்துக்கும் ஏற்றது. தொடர்புக்கு…

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் இதழில் வரும் அனுபவக் கட்டுரைகளைப் பார்த்தே எழுதியிருக்கிறார்கள். இதன் மேலே ‘விளம்பரம்’ என்று போட்டால் நேர்மை வந்துவிடுமா? வராது. இதில் உள்ள நான்கு வாசகங்களை மண்ணில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, “உப்பு முறிஞ்சிடுச்சு”. உப்பு முறிகிற பொருள் கிடையாது. கடல்நீர் கசிந்தும் கீழ்த்தண்ணீர் மேலேறியும் வந்த உப்பு, தண்ணீரில் கரைந்து வேரைத் தாண்டிக் கீழே இறங்க வேண்டும், இல்லையென்றால் வடிகாலில் வெளியே போக வேண்டும். மூன்றாவது வழி இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கரில் மேல் ஆறு அங்குல மண்ணின் எடை ஏறக்குறைய 900 டன். அதில் ஆயிரம் கிலோவுக்கு இரண்டு கிலோ உப்பு இருந்தால், ஏக்கருக்கு 1,800 கிலோ உப்பு. ஐம்பது கிலோ மூட்டை ஒன்று அதை எங்கே கொண்டுபோய் வைக்கும்?

இரண்டாவது, “போன ஐப்பசியில போட்டேன்”. இதில்தான் சூட்சுமமே இருக்கிறது. ஐப்பசி மழை இறங்கினால் எங்கள் ஊர் உப்பளத்தில் வேலை நின்றுபோகும். பாத்தியில் உப்பு கரைந்துவிடும், தை மாதத்துக்கு மேல்தான் மறுபடி ஆரம்பிப்பார்கள். உப்பளத்தில் உப்பைக் கரைக்கிற அதே மழைதான் பக்கத்து வயலிலும் உப்பைக் கரைத்துக் கீழே இறக்குகிறது. பங்குனி, சித்திரை வெயிலில் அது மறுபடியும் மேலேறி வெள்ளையாகப் பூக்கும். ஆகவே புரட்டாசியில் ஒரு மண் மாதிரி, கார்த்திகையில் ஒரு மண் மாதிரி எடுத்துப் பார்த்தால், நடுவில் எதைப் போட்டிருந்தாலும், எதையுமே போடாவிட்டாலும், உப்பு குறைந்துதான் இருக்கும். பக்கத்திலேயே குருணை போடாத ஒரு பாத்தியில் என்ன அளவு வந்தது என்று சொல்லாத வரைக்கும், குறைத்தது மூட்டையா மழையா என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாவது, “ஆறாக இருந்தது ஒன்றாகக் குறைந்தது”. ஆறு என்றால் எதில் ஆறு? மண்ணின் உப்பை மின்கடத்தும் திறனாக அளக்கிறார்கள். நம் மாவட்ட மண் ஆய்வுக்கூடத்தில் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து அளப்பது வழக்கம். அந்த முறையில் ஒன்றுக்குக் கீழே இருந்தால் கெடுதல் இல்லை, மூன்றுக்கு மேலே போனால் பயிருக்கு ஆகாது. இன்னொரு முறையில் மண்ணைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, அதிலிருந்து நீரைப் பிரித்தெடுத்து அளப்பார்கள். புத்தகங்களில் நான்குக்கு மேல் போனால் உவர் நிலம் என்று போட்டிருப்பது இந்த இரண்டாவது முறைக்கு. ஒரே மண்ணை இரண்டு முறையிலும் அளந்தால் குழைத்து அளப்பதில்தான் எண் அதிகமாக வரும். முன்னால் அளந்தது ஒரு முறை, பின்னால் அளந்தது ஒரு முறை என்றால், மண்ணில் ஒன்றுமே மாறாமல் உப்பு வெகுவாகக் குறைந்த மாதிரி தெரியும். எந்த ஆய்வுக்கூடம், எந்த முறை, எந்தத் தேதி, எத்தனை அங்குல ஆழம் என்று சொல்லாத எண் வெறும் அலங்காரம்.

நான்காவது, “எல்லா வகை நிலத்துக்கும் ஏற்றது”. பணம் வீணாவது இங்கேதான். உவர் நிலம் வேறு, களர் நிலம் வேறு. உவர் நிலத்தில் வெயில் காலத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும், தண்ணீர் விட்டால் உள்ளே இறங்கும். களர் நிலத்தில் தண்ணீர் இறங்காமல் கலங்கலாக நிற்கும், ஈரத்தில் வழுக்கும், காய்ந்தால் பாறையாக இறுகும். மண் ஆய்வில் கார அமிலத்தன்மை எட்டரைக்கு மேல் காட்டும். களரில் சோடியம் மண்துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பெயர்க்க ஜிப்சம் வேண்டும், பிறகு கழுவத் தண்ணீரும் வேண்டும். வெறும் உவர் நிலத்தில் பெயர்க்க வேண்டியது ஒன்றும் இல்லை. அங்கே ஜிப்சம் போட்டால், அதுவும் ஒரு உப்புத்தானே, செலவுதான் மிச்சம். நல்ல தண்ணீரும் வடிகாலும்தான் அங்கே வைத்தியம்.

இந்த நான்கையும் ஒரு விற்பனையாளர் தம்பியிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. “அண்ணே, நீங்க சொல்றது எல்லாம் எங்க ஆபீஸ்லயும் தெரியும். ஆனா அப்படி எழுதினா யாருண்ணே வாங்குவாங்க?” என்றார். நியாயமான கேள்வி. இதே குருணைக்கு, அதாவது ஜிப்சமும் ஹியூமிக் அமிலமும் கலந்த ஒரு குருணைக்கு, நான் எழுதினால் இப்படி எழுதுவேன். விலை, கலவை எண்கள் உதாரணத்துக்கு வைத்தவை.

திருத்தி எழுதினால்

> விளம்பரம்
>
> உங்கள் நிலம் உவரா, களரா? எங்கள் குருணை வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்
>
> நாங்கள் மண்வளக் குருணை தயாரித்து விற்கும் நிறுவனம். இந்தப் பக்கத்துக்கு நாங்கள் பணம் கொடுத்திருக்கிறோம். எழுதியதும் நாங்கள்தான்.
>
> எங்கள் குருணை களர் நிலத்துக்கு மட்டும். வெயில் காலத்தில் வெள்ளையாக உப்புப் பூத்து, ஆனால் தண்ணீர் நன்றாக இறங்குகிற உவர் நிலமாக இருந்தால் இதை வாங்க வேண்டாம். அதற்கு வரப்பை உயர்த்தி மழைநீரை நிறுத்துங்கள், வடிகாலை ஆழப்படுத்துங்கள். ஒரு அடி ஆழ மண்ணுக்கு ஒரு அடி நல்ல தண்ணீர் உள்ளே இறங்கினால் உப்பில் பெரும்பகுதி கீழே போய்விடும்.
>
> எது என்று தெரியாவிட்டால், வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் ஆறு அங்குல ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து, அதில் அரைக் கிலோவை அரசு மண் ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள். கார அமிலத்தன்மை எட்டரைக்குக் கீழே இருந்தால் எங்களைக் கூப்பிட வேண்டாம். மேலே இருந்தால் ஜிப்சம் தேவை எவ்வளவு என்றும் சேர்த்துக் கேளுங்கள்.
>
> ஐம்பது கிலோ மூட்டையில் நாற்பது கிலோ ஜிப்சம். மீதி ஹியூமிக் கலவையும் குருணையாக்கச் சேர்க்கும் களிமண்ணும். ஜிப்சம் வெட்டி எடுத்த கனிமம், உரத் தொழிற்சாலைக் கழிவு இல்லை. மூட்டை விலை 900 ரூபாய். களர் கடுமையாக இருந்தால் ஏக்கருக்கு ஒரு டன்னுக்கு மேலேகூட ஜிப்சம் தேவைப்படலாம். அதை எங்கள் மூட்டையில் வாங்கினால் கட்டுப்படியாகாது. அப்போது மொத்த ஜிப்சம் வாங்கிப் போடுங்கள். களர் லேசாக இருந்து, வண்டி போகாத சின்ன வயலில் கையால் தூவ வேண்டியவர்களுக்குத்தான் எங்கள் மூட்டை வசதி.
>
> போட்ட பிறகு நல்ல தண்ணீரைக் கட்டி நிறுத்தி, வடித்துவிட வேண்டும். தண்ணீர் வசதியோ வடிகாலோ இல்லாவிட்டால் பலன் இருக்காது. இது ஒரு பருவத்தில் முடிகிற வேலையும் இல்லை.
>
> முதல் முறை வாங்குகிறவர்கள் ஒரு பாத்திக்கு மட்டும் போட்டு, பக்கத்துப் பாத்தியைப் போடாமல் விட்டு, இரண்டு மண்ணையும் ஒரே நாளில் ஒரே ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். வித்தியாசம் இல்லை என்றால் மறுபடி வாங்காதீர்கள்.

இப்போது ‘விளம்பரம்’ என்ற சொல்லை மறைத்துப் படியுங்கள். விற்கிறவர் பேசுகிறார் என்று ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. ஆனால் உவரையும் களரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் இருந்த ஒருவர், மூட்டை வாங்காவிட்டாலும், இதைப் படித்துவிட்டு ஒரு விஷயம் தெரிந்துகொண்டுதான் பக்கத்தைத் திருப்புவார். விற்கிறவருக்குத் தன் பொருள் எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்பது மற்றவரைவிட நன்றாகத் தெரியும். அந்த அறிவைச் சொல்ல வைப்பதுதான் விளம்பரக் கட்டுரையால் கிடைக்கக்கூடிய ஒரே நன்மை. ‘சாதித்துக் காட்டிய விவசாயி’ கதை அந்த அறிவை மறைக்கிறது.

அந்தத் தம்பியின் கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. உவர் நிலத்துக்காரர் வாங்க மாட்டார், சரி. ஆனால் அவர் வாங்கி, பலன் இல்லாமல் போய், டீக்கடையில் உட்கார்ந்து “அந்த மூட்டை ஏமாத்து” என்று சொல்லவும் மாட்டார். களர் நிலத்துக்காரர் வாங்குவார், தண்ணீர் நிறுத்துவார், அவருக்குப் பலன் வர வழி இருக்கிறது. பக்கத்து வயல்காரர் வாய்ச்சொல்லை வைத்தே இடுபொருள் ஓடுகிற இந்த ஊரில் எது நல்ல வியாபாரம் என்று அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

சீட்டு எங்கே, எப்படி

எழுத்தைத் திருத்திவிட்டோம் என்பதற்காகச் சீட்டைச் சின்னதாக்க முடியாது. செய்தியிலிருந்து விளம்பரம் தெளிவாகப் பிரிந்து தெரிய வேண்டும் என்று இந்தியப் பத்திரிகை மன்றத்தின் இதழியல் நெறிமுறைகள் சொல்கின்றன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, விளம்பரத்தில் போடும் பொறுப்பு அறிவிப்பு, விளம்பரம் சொல்லும் வாசகம் இருக்கிற அதே மொழியிலும் அதே எழுத்துருவிலும் இருக்க வேண்டும். தமிழில் புகழ்ந்துவிட்டு மூலையில் ஆங்கிலப் பொடி எழுத்தில் அறிவிப்புப் போடுவது ஆகாது.

நம் இதழுக்கு நான் சொல்வது இன்னும் எளிது. ‘சிறப்புப் பகுதி’, ‘தகவல் பக்கம்’, ‘வணிக இணைப்பு’ எதுவும் வேண்டாம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சொல் ‘விளம்பரம்’. அது தலைப்புக்கு மேலே, தலைப்பின் எழுத்தளவிலேயே வர வேண்டும். நம் கட்டுரைகளுக்குப் போடும் எழுத்துருவையும் பத்தி அமைப்பையும் அதற்குக் கொடுக்கக்கூடாது.

அதோடு, யார் பணம் கொடுத்தது, யார் எழுதியது என்பது கட்டுரையின் முதல் பத்தியிலேயே வாக்கியமாக வர வேண்டும். காரணம், நம் இதழ் இதழாக மட்டும் படிக்கப்படுவதில்லை. ஒருவர் படிக்க நாலு பேர் கேட்கிறார்கள், வாசித்துக் காட்டுகிறவர் மேலே இருக்கும் சீட்டைச் சொல்ல மாட்டார். பக்கத்தைப் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர் ஓரத்தை வெட்டிவிடுவார். ‘விளம்பரம்’ என்ற சொல் அங்கே போய்விடும், “இந்தப் பக்கத்துக்கு நாங்கள் பணம் கொடுத்திருக்கிறோம்” என்ற வாக்கியம் போகாது.

விவசாயியின் அனுபவத்தைப் போட்டால் அவருக்கும் நிறுவனத்துக்கும் என்ன உறவு என்றும் அங்கேயே சொல்ல வேண்டும். மூட்டை இலவசமாக வாங்கினாரா, ஊரில் அவரே முகவரா? முகவராக இருப்பது குற்றம் இல்லை. “எங்கள் முகவர் சொல்கிறார்” என்று எழுதிவிட்டால் போதும், கேட்கிறவர் அதற்கேற்ப எடுத்துக்கொள்வார்.

‘அரசு அங்கீகாரம்’, ‘இயற்கை’ என்ற இரண்டு சொல்லையும் இப்படித்தான் உடைக்க வேண்டும். உயிர் உரம், அங்கக உரம், பயிர் ஊக்கி ஆகியவை 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வருகின்றன. அதன்படி விற்க அனுமதி பெற்றிருந்தால், எந்தப் பிரிவில், என்ன எண் என்று போடட்டும். விற்க அனுமதி இருப்பது பலன் தரும் என்பதற்கான சான்று இல்லை. இயற்கைச் சான்று பெற்ற பண்ணையில் பயன்படுத்தலாமா என்பது தனிக் கேள்வி. அதற்கு உங்கள் சான்றளிப்பாளரைக் கேட்க வேண்டும் என்று விளம்பரமே சொல்ல வேண்டும். ஜிப்சத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டி எடுத்த ஜிப்சமா, உரத் தொழிற்சாலையில் மிஞ்சும் பாஸ்போ ஜிப்சமா என்பதை ‘நூறு சதவீதம் இயற்கை’ என்ற சொல் மூடிவிடுகிறது.

நம்ம வீட்டு விளம்பரம்

இதுவரை படித்துவிட்டு, கம்பெனிக்காரர்களுக்கு நன்றாகச் சொன்னீர்கள் என்று சிலர் மகிழலாம். ஆனால் நம் பக்கமும் பார்க்க வேண்டும். இயக்கத்து நண்பர் ஒருவர் மரபு நெல் அரிசி விற்கிறார். அவரைப் பற்றி ஒரு பாராட்டுக் கட்டுரை வருகிறது. அந்த அரிசியைத் தின்றால் சர்க்கரை நோய் தீரும் என்று ஒரு வரி, கடைசியில் கைப்பேசி எண். பணம் கைமாறவில்லை, அதனால் இது விளம்பரம் இல்லை என்று நினைக்கிறோம். மேலே சொன்ன சோதனையை வைத்துப் பாருங்கள். பொருள் இருக்கிறது, விற்பவர் இருக்கிறார், வாங்க எண் இருக்கிறது, சரிபார்க்க வழி இல்லை. செய்தி வேஷம் போட்ட விளம்பரம் இதுதான். அதிலும், சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று ஒரு பொருளுக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. அரிசிப் பையின் மேல் அந்த வரியை அச்சடிக்கத் தயங்குகிறவர், கட்டுரைக்குள் வந்தால் சந்தோஷப்படுகிறார்.

அந்த நண்பரின் அரிசியையும் விற்கத்தான் வேண்டும், இல்லையென்றால் மரபு நெல் வயலில் நிற்காது. அதற்கும் இதே வழிதான். மேலே ‘விளம்பரம்’ என்று போட்டு, எந்த ரகம், எந்தப் பட்டம், எத்தனை நாள் பயிர், ஆலையில் எத்தனை முறை தீட்டியது, எத்தனை மணிநேரம் ஊற வைக்க வேண்டும், கிலோ என்ன விலை, எத்தனை மாதம் வண்டு பிடிக்காமல் இருக்கும் என்று எழுதச் சொல்லுங்கள். வாங்குகிற வீட்டுக்கு வேண்டியது இதுதான். நோய்க் கதை தேவையே படாது.

விளம்பரமே வேண்டாம் என்கிற நண்பர்களுக்கு ஒன்று. கதவை மூடினால் பணம் கொடுக்கிற விளம்பரம் நின்றுவிடும், பணம் கொடுக்காத விளம்பரம் கட்டுரையாக உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும். கதவைத் திறந்து வைத்து, வருகிறவர் எல்லோரையும் ஒரே கேள்வி கேட்பது நல்லது.

நம் இதழ்க் குழுவுக்கு என் கோரிக்கை இது. கம்பெனியோ கூட்டாளியோ, விற்கிற பொருளைப் பற்றி எந்த எழுத்து வந்தாலும், கீழே உள்ளவற்றுக்குப் பதில் இல்லாமல் அச்சுக்குப் போகக்கூடாது.

1. யார் பணம் கொடுத்தார், யார் எழுதினார், பேசுகிற விவசாயிக்கு என்ன உறவு?
2. இந்தப் பொருள் எந்த நிலத்துக்கு, எந்தப் பயிருக்கு வேண்டாம்?
3. ஏக்கருக்கு எவ்வளவு, என்ன செலவு, அதோடு வேறு என்ன செய்ய வேண்டும்?
4. பலன் சொல்லும் எண் இருந்தால், போடாத பாத்தியில் அதே நாளில் என்ன எண் வந்தது?

இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுத மறுக்கிறவரின் விளம்பரத்தை, எவ்வளவு பணம் கொடுத்தாலும், திருப்பி அனுப்பிவிடலாம். வாசகர்களும் இதைப் பழகிக்கொள்ளலாம். எந்தப் பத்திரிகையில் எந்த இடுபொருள் கட்டுரையைப் படித்தாலும், “யாருக்கு இது வேண்டாம்னு எங்கேயாவது சொல்லியிருக்கா?” என்று தேடிப் பாருங்கள். சொல்லியிருந்தால் மேலே படிக்கலாம். சொல்லவில்லை என்றால், கைப்பேசியை எடுக்கும் முன் வயலிலிருந்து அரைக் கிலோ மண்ணை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போங்கள்.